வெளிநாட்டிலிருந்து வருகிறவருக்கு வீட்டில் பலகாரம்: என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகள்

போன வருடம் தை மாதம் என் தம்பி ஒன்பது வருடம் கழித்து டெக்சாஸிலிருந்து ஊருக்கு வந்தான். காரைக்குடிப் பக்கத்துப் பள்ளத்தூர் வீட்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை 62 பேருக்குப் பலகாரம் கொடுத்தோம். அன்றிலிருந்து யார் வீட்டுக்குப் பிள்ளை வந்தாலும் என்னைக் கூப்பிட்டு இதே சந்தேகங்களைத்தான் கேட்கிறார்கள். கேட்டவர்கள் கேட்டபடியே இங்கே எழுதி வைத்திருக்கிறேன். எங்கள் பக்கத்து நகரத்தார் வீட்டு வழக்கம் இது; மற்றவர்கள் தங்கள் வீட்டு முறைக்குத் தக்கபடி மாற்றிக்கொள்ளலாம்.

வந்த அன்னிக்கே எல்லாரையும் கூப்பிட்டுறலாமா ஆச்சி?

வேண்டாம். திருச்சி விமான நிலையத்திலிருந்து காரைக்குடிக்குச் சுமார் 90 கிலோமீட்டர், இரண்டு மணி நேரம். அதற்கு முன்னால் ஒரு நாளுக்கு மேல் விமானத்திலும் வரவேற்பறைகளிலும் உட்கார்ந்து வந்தவன், வாசலில் ஆரத்தி எடுத்து முடிப்பதற்குள் கண் சொருகி நிற்பான். அன்றைக்கு ஆரத்தி, வீட்டுச் சாமிக்கு விளக்கு, ரசம் சாதம், தூக்கம். அதற்குமேல் எதுவும் வைக்காதீர்கள்.

சிங்கப்பூர், மலேசியா என்றால் இரண்டரை மணி நேர வித்தியாசம்தான், இரண்டாம் நாளே ஆள் சரியாகிவிடும். அமெரிக்கா என்றால் ராத்திரி பகலாக மாறியிருக்கும். முதல் நான்கைந்து நாள் அதிகாலை இரண்டு, மூன்று மணிக்கு விழிப்பு வந்துவிடும்; மத்தியானம் மூன்று மணிக்கெல்லாம் பேச்சுக்கு நடுவிலேயே தூங்கிப்போவான். தம்பி செவ்வாய்க்கிழமை இறங்கினான், நாங்கள் ஞாயிறு வைத்தோம். ஐந்து நாள் இடைவெளி. இன்னும் இரண்டு நாள் கூட இருந்திருந்தாலும் நல்லதுதான்.

தேதியை முடிவு செய்வதற்கு முன்னால் சமையல்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். முகூர்த்த நாளில் இந்தச் சீமையில் நல்ல கை ஒன்றுகூடக் கிடைக்காது.

மதியச் சாப்பாடு போடாம பலகாரத்தோட நிறுத்தினா கஞ்சத்தனம்னு சொல்ல மாட்டாகளா?

சொல்லுவார்கள். ஒரு வாரம் சொல்லிவிட்டு விட்டுவிடுவார்கள். என் யோசனை இதில் மாறவே மாறாது: வரவேற்புக்குக் காலைப் பலகாரம்தான்.

மதியச் சாப்பாடு என்றால் பதினொன்றுக்கு வருகிறவர்கள் நாலு மணிக்குக் காப்பி குடித்துவிட்டுத்தான் எழுந்திருப்பார்கள். சாப்பாட்டுக்கு முன்னால் ஒரு மணி நேரமும் பின்னால் இரண்டு மணி நேரமும் சும்மா உட்கார்ந்திருக்கும் நேரம். வந்தவனைக் குடைகிற கேள்வியெல்லாம் அந்த நேரத்தில்தான் வரும். மேலே சொன்ன மாதிரி, அமெரிக்காவிலிருந்து வந்தவனுக்கு அதுதான் தூக்கம் தள்ளுகிற நேரமும். காலைப் பலகாரம் ஏழரைக்குத் தொடங்கிப் பத்தரைக்கு முடிந்துவிடும். அவன் மூணு மணியிலிருந்து விழித்திருப்பதால் தெளிவாக இருப்பான். வருகிறவர்களுக்கும் அன்றைய வேலை இருக்கும், இலை எடுத்ததும் கிளம்புவார்கள்.

என்னென்ன செய்யிறது? அறுபது பேருக்கு எவ்வளவு போடணும்?

நாங்கள் செய்தது கவுனி அரிசி, வெள்ளைப் பணியாரம், இட்லி. தொட்டுக்கொள்ள வரமிளகாய்த் துவையலும் கத்தரிக்காய்க் கோசமல்லியும். அப்புறம் காப்பி. இதற்குமேல் சேர்த்தால் அடுப்படியில் ஆள் போதாது. கவுனி அரிசி ஒரு கிலோ போட்டால் அறுபது பேருக்குச் சின்னக் கிண்ணத்தில் ஒரு கிண்ணம் வரும். முந்தின ராத்திரியே ஊறவைத்து, ஊறிய தண்ணீரிலேயே குழைய வேகவைக்க வேண்டும். அரிசி விரலில் நசுங்கின பிறகுதான் சீனி சேர்க்கணும், முக்கால் கிலோ போதும். முந்திப் போட்டால் அரிசி அப்படியே விறைத்துக்கொள்ளும், அப்புறம் எவ்வளவு வேகவைத்தாலும் மெல்லும்போது பல்லில் தட்டும். தேங்காய்ப்பூவும் நெய்யும் கடைசியில். காப்பிக்குப் பால் ஆறு லிட்டர்.

வெள்ளைப் பணியாரத்துக்கு அளவு நம் வீட்டு ஆத்தாக்கள் சொல்லுவதுதான்: டம்ளரில் பச்சரிசியைத் தலைதட்டி, அதன்மேல் உளுந்தைக் கோபுரமாக நிற்கும் மட்டும் போடுவது. இரண்டையும் சேர்த்து இரண்டு மணி நேரம் ஊறவைத்து வெண்ணெயாக ஆட்டி, கொஞ்சம் பாலும் உப்பும் ஒரு கிள்ளுச் சீனியும் சேர்த்து, தோசை மாவைவிடச் சற்று இளக்கமாகக் கரைத்துக்கொள்ள வேண்டும். 200 கிராம் அரிசிக்குப் பதினைந்து பணியாரம் கணக்கு. ஆளுக்கு மூன்று என்று 180, ஆக இரண்டரைக் கிலோ அரிசி ஊறப்போட்டோம்.

இதில் பெரிய சிக்கல், பணியாரத்தை ஒவ்வொன்றாகத்தான் ஊற்ற முடியும். எண்ணெய் நடுவில் ஒரு கரண்டி மாவு விழுந்து, அடியிலிருந்து பொங்கி மேலே வந்து, திருப்பிப் போட்டு, நிறம் ஏறுவதற்குள் எடுக்க ஒரு நிமிஷம் ஆகும். ஒரே சட்டி என்றால் 180 பணியாரத்துக்கு மூன்று மணி நேரம். அதனால் மூன்று அடுப்பு வைத்தோம், பந்திக்குப் பந்தி சூடாகப் போனது. மாவு புளித்தால் பணியாரம் சிவந்து எண்ணெய் குடிக்கும். ஆகவே மொத்தத்தையும் ஒரே தடவையில் ஆட்டாமல், அதிகாலை ஐந்துக்குப் பாதியும் ஏழரைக்கு மீதியுமாக ஆட்டினோம். முதல் பாதியை மூணு மணிக்கு ஊறப்போட்டது தம்பிதான். தூக்கம் வராமல் அடுப்படியில் உட்கார்ந்திருந்தான்.

முதல் பணியாரத்தைப் பார்த்தே மாவைத் திருத்திவிடலாம். உப்பாமல் தட்டையாகக் கல் மாதிரி வந்தால் உளுந்து குறைவு. பிய்த்தால் எண்ணெய் வடிந்தால் உளுந்து கூடிப்போயிருக்கும், ஒரு கை அரிசி மாவு தூவிக் கலக்குங்கள். ஓரத்தில் வால் விட்டால் மாவு கெட்டி, இரண்டு கரண்டி பால் ஊற்றினால் சரியாகும்.

கறி இல்லாம அவனுக்கு என்ன விருந்து? அங்கே இருந்து அதுக்குத்தானே ஏங்கிக்கிட்டு வர்றான்!

ஏங்கட்டும், வீட்டுக்குள் தனியாகப் போடுங்கள். உப்புக்கறியும் கோழிக்குழம்பும் ஆறு பேர் உட்கார்ந்து சாப்பிட்டால்தான் ருசி. கூட்டத்தில் ஒருவர் வெள்ளிக்கிழமை விரதம், ஒருவர் கார்த்திகை, ஒருவர் கறி தொடமாட்டார், ஒருவர் இப்போதுதான் விட்டிருப்பார். பலகாரத்தில் இந்தப் பேச்சே எழாது.

அவுக வயித்துக்கு ஒத்துக்குமா? எனக்குத் தண்ணிதான் பயம்.

நீங்கள் பயப்படுவது சரி. காரத்தால் வருவது எரிச்சல், இரண்டு நாளில் போய்விடும். ஆளைப் படுக்கவைப்பது தண்ணீரும் ஆறிப்போன சட்னியும்தான். எண்ணெயிலிருந்து நேரே இலைக்கு வரும் பணியாரமும் ஆவி பறக்கும் இட்லியும் பயமில்லாதவை. தேங்காய்ச் சட்னியை நான் சேர்க்காததற்கு இதுதான் காரணம். காலை ஏழுக்கு அரைத்தது பத்து மணிக்கு நாறத் தொடங்கிவிடும். வரமிளகாய்த் துவையலில் புளியும் உப்பும் இருப்பதால் தாங்கும். குடிக்கக் கொதிக்கவைத்து ஆறிய தண்ணீரோ கேன் தண்ணீரோ. டம்ளர் கழுவுகிற தண்ணீரையும் பார்த்துக்கொள்ளுங்கள், அதை எல்லாரும் மறந்துவிடுகிறோம்.

யாரையெல்லாம் கூப்பிடணும்? எங்கே கோடு போடுறது?

எங்கள் கணக்கைச் சொல்கிறேன். வீட்டோடு நாங்கள் 9 பேர். பங்காளி வீடுகள் ஐந்து, 18 பேர். அம்மான் வீடு, அத்தை வீடு, சின்னத்தா வீடு சேர்த்து 16. சம்பந்தி வழி உறவான என் சம்பந்தப்புரத்தில் 6. தம்பியின் பள்ளிக்கூடத்துப் பழக்கம் 5. பக்கத்து வீட்டார் 4. இத்தனை வருடம் வீட்டைப் பார்த்துக்கொண்டவர், அவர் மனைவி, சமையலுக்கு வரும் அக்கா, அவர் மகள், 4 பேர். ஆக 62. கடைசி நாலு பேரையும் பந்தியிலேயே உட்காரவைத்தோம். எங்கள் ஆத்தா விழுந்தபோது தூக்கி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனவர்கள் அவர்கள்தான். தம்பி வந்ததும் முதலில் தேடியதும் அவர்களைத்தான்.

கோட்டை உறவுமுறையில் போடுங்கள், பிரியத்தில் போடாதீர்கள். மூன்று அத்தைகளில் இரண்டு பேரைக் கூப்பிட்டால் வம்பு. மூன்று பேரையும் விட்டுவிட்டால் ஒருவரும் ஒன்றும் சொல்லமாட்டார்கள். எந்தப் படியில் நிறுத்தினாலும் அந்தப் படி முழுக்க உள்ளே, அல்லது முழுக்க வெளியே. சென்னையிலும் கோயம்புத்தூரிலும் இருப்பவர்களை நாங்கள் கூப்பிடவில்லை. தம்பி அந்தப் பக்கம் போகும்போது வீட்டுக்கே வருவான் என்று முன்னாலேயே சொல்லிவிட்டோம்.

போன்ல சொன்னா போதுமா?

பலகாரத்துக்குப் போன் போதும். எழுபது தாண்டிய பெரியவர்கள், பங்காளியில் மூத்தவர், அம்மான் வீடு, இவர்களிடம் மட்டும் நேரில் போங்கள். வாட்ஸ்அப் குழுவில் அழைப்பைப் போடாதீர்கள். குழுவில் போட்டால் உங்கள் கோடு அன்றே அழிந்துவிடும்.

போன வருஷம் பெரியப்பச்சி தவறிட்டாக. இவன் வரலை. இப்ப அந்த வீட்டைப் பலகாரத்துக்கு எப்படிக் கூப்பிடுறது?

முதலில் அவன் கேதம் கேட்டு வரட்டும். வெளியூரில் இருந்தபோது நடந்த சாவுக்கெல்லாம் ஒரு பட்டியல் எழுதுங்கள். ஒன்பது வருடத்தில் எங்கள் பட்டியலில் ஐந்து வீடு இருந்தது. வந்த மூன்றாம் நாள் தம்பியும் நானும் ஒரு காரை எடுத்துக்கொண்டு ஐந்து வீட்டுக்கும் போனோம். கையில் ஒன்றும் கொண்டுபோகவில்லை, சாக்லேட்கூட இல்லை. பத்து நிமிஷம் உட்கார்ந்து, எப்படி நடந்தது என்று அவர்கள் வாயால் சொல்லக் கேட்டுவிட்டு, எழுந்து வரும்போது "போயிட்டு வர்றேன்" என்று சொல்லாமல் கிளம்பினோம்.

அன்றே பலகாரத்துக்குச் சொல்லக்கூடாது. மறுநாள் நான் போன் செய்து சொன்னேன். ஐந்து வீட்டில் நாலு வீடு வந்தது. கேதம் கேட்காமல் பலகாரத்துக்கு அழைத்த ஒரு வீட்டை எனக்குத் தெரியும். அந்தப் பெரியம்மா வந்து உட்கார்ந்து, இலையில் கை வைக்காமல் அழுதுவிட்டுப் போனார். பந்தி முழுக்க அப்படியே அடங்கிப்போனது.

வீடு பொது வீடு, பூட்டிக் கிடக்கு. வளவுல நடத்தலாமா?

வீட்டு நடுவிலுள்ள வளவும் முன்பக்கத்து முகப்பும் எல்லாப் பங்காளிக்கும் பொது, அறைதான் அவரவருக்கு. ஆகவே உங்களிடம் சாவி இருந்தாலும் பங்குள்ள எல்லாரிடமும் சொல்லிவிட்டுத் திறங்கள். அனுமதி கேட்கிற மாதிரி கேட்டால் சிலருக்கு யோசனை வரும். "இந்த ஞாயித்துக்கெழமை வளவுல பலகாரம் வச்சிருக்கோம், நீங்களும் வந்துருங்க" என்று சேர்த்தே சொல்லுங்கள்.

திறப்பது பத்து நாள் முன்னாலேயே. வௌவால் எச்சம், கிணறு, மோட்டார், கழிப்பறை, பழைய ஒயரிங். மோட்டாரோடு கிரைண்டரும் ஓடும்போதுதான் பியூஸ் போகும், எங்களுக்குக் காலை ஆறு மணிக்குப் போனது. ஆத்தங்குடிக் கல்லில் அழுக்குப் போக ஆசிட் ஊற்றிவிடாதீர்கள், மேல்பூச்சை அரித்துவிடும். வெறும் தண்ணீரில் துடைத்துவிட்டு, துணியில் நாலு சொட்டுத் தேங்காய் எண்ணெய் விட்டு ஒருதரம் துடைத்தால் போதும். விருந்துக்கு இரண்டு நாள் முன்பே துடையுங்கள், அன்று துடைத்தால் பெரியவர்கள் வழுக்கிவிடுவார்கள்.

பாகம் பிரிக்கிறதுல கேஸ் நடக்குது. அந்தப் பங்காளியையும் கூப்பிடணுமா?

கூப்பிடுங்கள். விட்டால் "அவுகளை விட்டுட்டாகளே" என்பதுதான் அன்றைய பேச்சாக இருக்கும். அழைத்தால் வருவதும் வராததும் அவர் பாடு. கேஸ் நடத்துகிறவர் போன் செய்யாமல், வீட்டிலுள்ள பெண்கள் யாராவது சொல்லட்டும். அங்கேயும் பெண்களிடமே சொல்லட்டும்.

ஒன்றில் மட்டும் கவனமாக இருங்கள். வெளிநாட்டிலிருந்து வந்தவனுக்கும் அந்தச் சொத்தில் பங்கு இருந்தால், அன்றைக்கே ஓர் ஓரமாகக் கூப்பிட்டுப் "இதுல ஒரு கையெழுத்து" என்று கேட்பவர் உண்டு. எதையும் பார்க்காமல், "வக்கீல்கிட்ட காட்டிட்டுச் சொல்றேன் அண்ணே" என்று ஒரே பதில் சொல்லச் சொல்லிவையுங்கள்.

"பெண்டிர் ஏன் வரலை, சம்பளம் எவ்வளவு, திரும்பிப் போவியா"ன்னு கேப்பாகளே. என்ன சொல்றது?

தம்பியிடம் கேட்டுக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். அவன் வந்தபோது வேலை போயிருந்தது. அவனும் அவன் மனைவியும் பிரிந்து ஏழு மாதம் ஆகியிருந்தது. வீட்டில் நாலு பேருக்கு மட்டும் தெரியும். வந்த இரண்டாம் நாள் ராத்திரி நாங்கள் நாலு பேரும் உட்கார்ந்து, யார் கேட்டாலும் எல்லாரும் சொல்லவேண்டிய ஒரே வாக்கியத்தை முடிவு செய்தோம்: "ஆறு மாசம் இங்கதான் இருக்கான், அவுக அங்க இருக்காக." இரண்டுமே உண்மை. பொய் சொன்னால் நாலு பேரும் நாலு விதமாகச் சொல்லி மாட்டிக்கொள்வோம். முழுக்கச் சொன்னால் பந்திக்குப் பந்தி அதே கதையைத் திரும்பச் சொல்லவேண்டி வரும். வாக்கியம் சின்னதாக இருக்கட்டும், அதற்குப் பின்னால் உடனே வேறு பேச்சு: "இன்னொரு பணியாரம் வைக்கவா?"

அதைவிடப் பலன் கொடுத்தது அவனை உட்காரவைக்காததுதான். வந்தவனை மாப்பிள்ளை மாதிரி முகப்பில் நாற்காலி போட்டு உட்காரவைக்கிறோம். வருகிற ஒவ்வொருவரும் பக்கத்தில் உட்கார்ந்து கேட்கத் தொடங்குவார்கள், அவனால் எழுந்திருக்கவும் முடியாது. நாங்கள் அவன் கையில் காப்பித் தட்டைக் கொடுத்தோம். எல்லாரிடமும் போனான், எல்லாரிடமும் இரண்டு வார்த்தை பேசினான், தட்டு இருந்ததால் எங்கேயும் நிற்கவில்லை. "இத்தனை வருசம் கழிச்சு வந்தும் எங்களுக்குக் காப்பி கொடுக்குதே புள்ளை" என்று பெரியவர்களுக்கும் மனம் குளிர்ந்தது.

விடாமல் கேட்கிறவர் ஒருவராவது இருப்பார். அவரை முன்கூட்டியே தெரிந்துகொண்டு, அவரோடு பேச்சில் ஈடுகொடுக்கும் ஒருவரை அவர் பக்கத்து இலையில் உட்காரவையுங்கள். எங்களுக்கு அது அம்மான். அவர் தன் முழங்கால் ஆபரேஷன் கதையைத் தொடங்கினால் யாரும் குறுக்கிட முடியாது.

போட்டோ எடுக்காதீகன்னு எப்படிச் சொல்றது? முகத்துல அடிச்ச மாதிரி இருக்காதா?

எடுக்காதீர்கள் என்று சொல்லவேண்டாம். சித்தப்பா மகள் ஒருத்தியிடம், "நீதான் எடுக்கிற, எல்லாருக்கும் அனுப்பி வைக்கிற" என்று பொறுப்பைக் கொடுத்தோம். இரண்டு நாள் கழித்து, தம்பி பார்த்துச் சரி சொன்ன பதினான்கு படங்களில் அவரவர் இருக்கும் படத்தை அவரவருக்கே அனுப்பினாள். குழுவில் போடவில்லை.

அப்படியும் ஒன்று தப்பியது. உறவுக்காரப் பையன் ஒருவன் பந்தியை வீடியோ எடுத்து அங்கேயே குடும்பக் குழுவில் போட்டுவிட்டான். அது சம்பந்தப்புரம் வழியாகச் சுற்றி, தம்பி ஊரில் இருக்கிறான் என்று இன்னும் தெரியாதவர்களிடம் அன்று மாலையே போய்ச் சேர்ந்தது. இனிமேல் செய்தால், இளவட்டங்களிடம் மட்டும் முந்தின நாளே தம்பி வாயால் சொல்லவைப்பேன். பெரியவர்கள் சொன்னால் அவர்கள் கேட்பதில்லை, அவன் கேட்டுக்கொண்டால் கேட்பார்கள். வருகிற விமான நேரத்தையும் யாருக்கும் அனுப்பாதீர்கள். பூட்டிய வீடு எப்போது திறக்கிறது என்பது ஊருக்கே தெரியவேண்டியதில்லை.

கொண்டுவந்த சாமானை அன்னிக்கே கொடுத்துறலாமா? மொய் எழுதுறதா?

மொய் கிடையாது, யாராவது கவர் நீட்டினால் கையைப் பிடித்துத் திருப்பிக் கொடுங்கள். சாமானையும் அன்று கொடுக்காதீர்கள். ஒருவருக்குச் சென்ட், ஒருவருக்குச் சாக்லேட் என்றால் வளவிலேயே ஒப்பிடுவார்கள். அவன் வீடு வீடாகப் போகும்போது கொடுக்கட்டும். கேதம் கேட்கப் போன வீடுகளுக்கு அது இரண்டாவது தடவையாக இருக்கட்டும்.

அவனோட பிள்ளைகளுக்குத் தமிழ் வராது. கன்னத்தைக் கிள்ளுனா அழுவுதுக.

கிள்ளுகிறவர்கள் யார் என்று உங்களுக்கே தெரியும். பிள்ளைகளை இரண்டாங்கட்டில் அவர்கள் வயதுப் பிள்ளைகளோடு விடுங்கள், கூட்டத்துக்குக் காட்டவேண்டியதில்லை. பணியாரம் சீனி தொட்டுக் கொடுத்தால் சாப்பிடுவார்கள்.

எல்லாம் சரி ஆச்சி, அவனே "எனக்கு ஒண்ணும் வேண்டாம்"ங்கறான். விட்டுறலாமா?

ஏன் வேண்டாம் என்கிறான் என்று கேளுங்கள். கூட்டம் பிடிக்கவில்லை என்றால் பட்டியலைக் குறையுங்கள். பங்காளி மூத்தவரும் அம்மான் வீடும் மட்டும் என்றால் பதினைந்து இலைக்குள் முடியும். கேள்விக்குப் பயம் என்றால் காப்பித் தட்டும் ஒரே வாக்கியமும் போதும். இரண்டும் இல்லாமல், உண்மையிலேயே வேண்டாம் என்றால் வைக்காதீர்கள். வீடு வீடாக அவனே போய்வரட்டும், ஒரு மாதம் ஆகும், அவ்வளவுதான்.

தம்பியும் முதலில் வேண்டாம் என்றுதான் சொன்னான். யார் யார் என்று பட்டியலை எழுதி அவன் கையில் கொடுத்தேன். மூன்று பேரை அடித்தான், இரண்டு பேரைச் சேர்த்தான். சேர்த்த இரண்டு பேரும் நான் மறந்தே போனவர்கள்: அவனுக்கு ஒன்பதாம் வகுப்பில் கணக்கு சொல்லிக்கொடுத்த வாத்தியாரும் அவர் மனைவியும். அந்த வாத்தியார் ஏழு மணிக்கே வந்து, முதல் பந்திக்கு முன்னால் திண்ணையில் உட்கார்ந்திருந்தார்.